சம்பள உயர்வு கேட்கும் கடிதம்

சம்பளத்தைத் திருத்தியமைக்கக் கோரி ஓர் ஊழியர் ஹெச்.ஆர். துறைக்கு எழுதும் கடிதம், அதைப் பெறுகிறவரின் மேசையோடு நிற்பதில்லை. தனியார் நிறுவனங்களில் சம்பளத்தை ஹெச்.ஆர். மட்டுமே முடிவு செய்வது அரிது. கோரிக்கை சரியெனப் பட்டால் அவர் அதைப் பிரிவுத் தலைவரிடம் எடுத்துச் செல்கிறார். அங்கிருந்து நிதித் துறைக்குப் போகிறது. தொகை பெரிதென்றால் ஆலைத் தலைவர் வரை போகும். இந்தப் பயணத்தில் எங்கும் கடிதம் எழுதியவர் உடன் இருக்க மாட்டார். அவருக்காகப் பேசப்போவது அந்த ஒரு பக்கம்தான். ஆகவே எழுதும்போது மனத்தில் வைக்க வேண்டியவர், எழுதுபவரை ஒருமுறைகூடப் பார்த்திராத நிதித் துறை அதிகாரி. ‘இவருக்கு ஏன் கூடுதலாகத் தர வேண்டும், எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து?’ என்று அவர் கேட்பார். மூன்றுக்கும் கடிதத்திலேயே விடை இருந்தால், ஹெச்.ஆர். அதிகாரி தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்து அதை அப்படியே மேலே அனுப்பிவிட முடியும்.

சம்பளம் தனித்தனியாக நிர்ணயிக்கப்படும் வேலைகளுக்கு மட்டுமே இக்கடிதம் பொருந்தும். அரசு ஊழியரின் சம்பளம் ஊதியக்குழு வகுத்த அட்டவணைப்படி போகிறது. தொழிற்சங்கம் உள்ள ஆலைகளில் தொழிலாளர் சம்பளம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை போடப்படும் ஊதிய ஒப்பந்தத்தால் முடிவாகிறது. தனி ஒருவர் கடிதம் எழுதி அதை மாற்ற முடியாது. பொறியாளர், கணக்காளர், விற்பனை அலுவலர், மென்பொருள் ஊழியர் போன்றோரின் சம்பளம்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. கேட்டுப் பெறவும், கேட்காமல் பின்தங்கிவிடவும் அங்கேதான் இடம் இருக்கிறது.

கேட்கப்படுவது எந்த வகை உயர்வு என்பது முதலில் தெளிவாக வேண்டும். ஆண்டுதோறும் அப்ரைசல் முடிந்து கிடைக்கும் இன்கிரிமெண்டுக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மொத்தத் தொகை ஒதுக்கப்படுகிறது. ஏறத்தாழ ஒரே சம்பளம் வாங்கும் பத்துப் பேர் உள்ள பிரிவுக்கு சராசரியாக 9 சதவீதம் ஒதுக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒருவருக்கு 20 சதவீதம் கொடுத்தால் மற்ற ஒன்பது பேருக்கும் 8 சதவீதத்துக்குக் குறைவாகவே மிஞ்சும். நல்ல மனம் உள்ள மேலாளரும் கை விரிப்பதற்கு இதுவே காரணம். ஆனால் பல நிறுவனங்கள், சந்தை நிலவரத்தைவிடத் தாழ்ந்துபோன சம்பளங்களைச் சரிசெய்ய ஒரு சிறு தொகையைத் தனியே வைத்திருக்கின்றன. பொறுப்பு கூடியும் சம்பளம் கூடாதவர்களுக்கு வழங்குவதும் அதிலிருந்துதான். ‘வழக்கமான இன்கிரிமெண்டைக் கொஞ்சம் கூட்டுங்கள்’ என்று கேட்பவரின் கடிதம் முதல் பையைத் தேடிப் போகிறது. ‘என் சம்பளம் இந்த வேலைக்குரிய நிலவரத்தைவிடக் குறைவாக உள்ளது, அதைத் திருத்துங்கள்’ என்று கேட்பவரின் கடிதம் இரண்டாவது பையைத் தேடிப் போகிறது. பெரிய உயர்வுக்கு இரண்டாவது வழியே பொருத்தம்.

காலமும் இதையொட்டியே அமைகிறது. ஏப்ரலில் நிதியாண்டைத் தொடங்கும் நிறுவனங்கள் அடுத்த ஆண்டின் சம்பளச் செலவைப் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கணக்கிட்டு முடித்துவிடும். இன்கிரிமெண்ட் கடிதம் கையில் வந்த பிறகு எழுதப்படும் கோரிக்கை, பூட்டிவிட்ட கணக்கைத் திறக்கச் சொல்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் எழுதுவதே நல்லது. அதற்கு முன் நேரடி மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட வேண்டும். ஹெச்.ஆர். முதலில் கேட்கப்போவது அவருடைய கருத்தைத்தான். செய்தி அவருக்கு ஹெச்.ஆர். வழியாகத் தெரியவந்தால் அந்தக் கருத்து கசப்போடுதான் வரும்.

கடிதம் உருவாகும் விதத்தை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் வழியே பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலை. அங்கே தர உறுதிப் பிரிவில் ஒரு பொறியாளர். மொத்த அனுபவம் ஆறு ஆண்டு, இந்த ஆலையில் நான்கு ஆண்டு. சி.டி.சி. எனப்படும் மொத்த ஆண்டுச் சம்பளம் 6,60,000 ரூபாய். அதில் நிலையானது 6,00,000. மீதி 60,000, இலக்கைப் பொறுத்து ஆண்டு முடிவில் வரும் வேரியபிள்.

அவர் செய்த முக்கிய வேலை, ஓர் எந்திர வரிசையில் ரிஜெக்ஷனைக் குறைத்தது. வார்ப்பைப் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸ்சரில் லொக்கேட்டிங் பின் தேய்ந்து, துளை இடம் மாறி விழுவதுதான் கோளாறுக்குக் காரணம் என்று அளவெடுத்துக் கண்டுபிடித்தார். டூல் ரூம் புதிய ஃபிக்ஸ்சர் செய்து கொடுத்தது. ஜூலை முதல் அது ஓடுகிறது. இதைப் பலர் ‘தரத்தை மேம்படுத்தினேன், நிறுவனத்துக்குப் பெரும் சேமிப்பு’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். நிதித் துறை அதிகாரிக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது முன்பு இருந்த நிலை, இப்போதைய நிலை, இரண்டுக்கும் நடுவே உள்ள ரூபாய்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்த வரிசையில் ரிஜெக்ஷன் சராசரி 3.8 சதவீதம். ஜூலை முதல் டிசம்பர் வரை 1.6 சதவீதம். மாதம் 40,000 உருப்படி ஓடுகிறது என்றால், முன்பு 1,520 கழிந்தன, இப்போது 640 கழிகின்றன. மாதத்துக்கு 880 உருப்படி மிச்சம். கழியும் ஓர் உருப்படியால் ஏற்படும் நட்டம், ஸ்கிராப் விற்று வரும் பணம் போக, 220 ரூபாய். ஆக மாதச் சேமிப்பு 1,93,600. ஆறு மாதத்துக்கு 11,61,600. ஃபிக்ஸ்சர் செய்ய ஆன செலவு 3,40,000. அதைக் கழித்தால் நிகரச் சேமிப்பு 8,21,600 ரூபாய்.

இந்தக் கணக்கு நிற்பதற்குச் சில கவனங்கள் காரணம். 220 ரூபாய் என்ற எண்ணை அவர் தாமாகப் போடாமல், ஆலையின் காஸ்டிங் பிரிவு பயன்படுத்தும் எண்ணை எடுத்திருக்கிறார். ஆகவே நிதித் துறை அதை மறுக்க வழியில்லை. ஆண்டுக் கணக்கில் 23 லட்சம் சேமிப்பு என்று பெருக்கிக் காட்டும் ஆசையையும் அடக்கி, உண்மையில் நடந்த ஆறு மாதத்தை மட்டும் காட்டியிருக்கிறார். சதவீதத்தோடு உருப்படி எண்ணிக்கையையும் தருவது முக்கியம். உற்பத்தி குறைந்தாலே கழிவின் எண்ணிக்கையும் குறைந்துவிடும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் காட்டினால் சந்தேகம் எழும். டூல் ரூமின் பங்கைக் கடிதத்திலேயே சொல்லிவிடுவதும் அதே போன்றதுதான். முழுப் பெருமையும் தனக்கே என்று எழுதப்பட்ட கடிதத்தைப் படிக்கும் பிரிவுத் தலைவருக்கு நடந்தது தெரியும். அந்த ஓர் இடத்தில் நம்பிக்கை போனால் மற்ற எண்களும் அதோடு போகும்.

இரண்டாவது செய்தி இதைவிட வலிமையானது, ஆனாலும் ஊழியர்கள் அதை எழுத மறந்துவிடுகிறார்கள். ஆகஸ்டில் சப்ளையர் தரத்தைப் பார்த்துவந்த சக ஊழியர் விலகினார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. 11 சப்ளையர்களின் தர ஆய்வும் இவர் தலையில் விழுந்தது. செய்து முடித்த சாதனைக்கு ஒருமுறை போனஸ் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்று நிர்வாகம் நினைக்கக்கூடும். பொறுப்பு விரிந்தது அப்படியில்லை. அது மாதாமாதம் தொடர்கிறது, ஆகவே மாதச் சம்பளத்தில்தான் பிரதிபலிக்க வேண்டும். காலியான இடத்துக்குப் புதிய ஆளை எடுத்தால் ஆகும் செலவும் நிர்வாகத்துக்குத் தெரியும். எந்தத் தேதியிலிருந்து, யார் செய்த எந்த வேலை, இப்போது யாரிடம் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும்.

சந்தை நிலவரத்துக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலான கடிதங்கள் தடுமாறுகின்றன. பெரிய நிறுவனங்கள் மெர்சர், ஏயான் போன்ற அமைப்புகள் நடத்தும் சம்பளக் கணக்கெடுப்புகளை விலை கொடுத்து வாங்குகின்றன. அவற்றில் எண்களைத் தருவது நிறுவனங்களே. வேலையின் பெயரைவிட அதன் பொறுப்பின் அளவைப் பார்த்துப் பொருத்துகிறார்கள். அதை வைத்து ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சம்பள வரம்பு வகுக்கிறார்கள்: கீழ் எல்லை, நடுப்புள்ளி, மேல் எல்லை. ஒருவரின் சம்பளத்தை நடுப்புள்ளியால் வகுத்தால் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிடும். நம் பொறியாளரின் நிலைக்கு நிலையான சம்பளத்தின் நடுப்புள்ளி 7,50,000 என்றால், 6,00,000 என்பது அதில் 0.80. பல நிறுவனங்களில் 0.80 முதல் 1.20 வரை என்பதே வரம்பு. ஆக அவர் அடிமட்டத்தில் நிற்கிறார். ஆறு ஆண்டு அனுபவத்துக்கும் கூடிய பொறுப்புக்கும் அது உரிய இடம் இல்லை.

இந்த நடுப்புள்ளி ஊழியருக்குத் தெரியாது. தன்னிடம் உள்ள எண்களால் ஹெச்.ஆரின் கணக்கெடுப்பை அவர் வெல்லவும் முடியாது. கடிதத்தில் தரும் சந்தை எண்களுக்கு வேலை ஒன்றுதான்: ஹெச்.ஆர். அதிகாரி தம்மிடம் உள்ள அட்டவணையைத் திறந்து பார்க்கும்படி செய்வது. அதற்கு நம்பத்தகுந்த, அடக்கமான எண்கள் போதும். மிகைப்படுத்திய எண்கள் அட்டவணையைத் திறக்காமலே ஒதுக்கிவைக்கச் செய்துவிடும்.

ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் போன்ற தளங்களில் சம்பள விவரத்தைப் பதிவது ஊழியர்களே. சிலர் நிலையான சம்பளத்தைப் போடுகிறார்கள், சிலர் வேரியபிளையும் சேர்க்கிறார்கள். இந்த எடுத்துக்காட்டில் இன்னொரு பள்ளமும் உண்டு. ‘குவாலிட்டி எஞ்சினியர்’ என்று தேடினால் மென்பொருள் சோதனை செய்பவர்களின் சம்பளமும் சேர்ந்து வரும். அந்தச் சராசரி ஆலைப் பொறியாளருக்கு ஒவ்வாதது. சராசரியைவிட நடுமதிப்பைப் பார்ப்பது நல்லது. நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது நடுமதிப்பு. இரண்டு மூன்று பேர் மிக அதிகம் வாங்கினாலும் அது அசையாது. வேலை விளம்பரங்களில் போடும் ‘7 முதல் 11 லட்சம்’ போன்ற எல்லைகளிலும் மேல் எண் பெரும்பாலும் ஆளை ஈர்ப்பதற்காகவே இருக்கிறது.

நம் பொறியாளர் பன்னிரண்டு விளம்பரங்களைத் திரட்டுகிறார். பெங்களூரு, புனே விளம்பரங்களை நீக்குகிறார். அங்குள்ள ஆள் தேவையும் வாடகையும் வேறு. பத்தாண்டு அனுபவம் கேட்பவற்றையும் நீக்குகிறார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் வட்டாரத்தில், வாகன உதிரிபாகத் தொழிலில், ஐந்து முதல் எட்டு ஆண்டு அனுபவம் கேட்கும் ஐந்து மிஞ்சுகின்றன. அவற்றில் சி.டி.சி. 7,50,000 முதல் 9,00,000 வரை. சம்பளத் தளங்களில் ஆலைப் பொறியாளர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது நடுமதிப்பு 8 லட்சத்தை ஒட்டி வருகிறது. இரண்டு வழியும் ஏறத்தாழ ஒரே இடத்தில் சேர்வதால் அந்த எண்ணை நம்பலாம். ஒப்பிடும்போது அவர் தன் பக்கத்திலும் 6,60,000 என்ற மொத்த சி.டி.சி.யையே வைக்கிறார். தன் 6,00,000 நிலையான சம்பளத்தைப் பிறரின் 8 லட்சம் சி.டி.சி.யோடு ஒப்பிட்டிருந்தால் இடைவெளி பெரிதாகத் தெரியும், ஆனால் ஹெச்.ஆர். அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது கேட்கும் தொகை. தொகை சொல்லாமல் ‘தகுந்த உயர்வு’ என்று எழுதுவது மரியாதையாகத் தோன்றலாம். ஆனால் எவ்வளவு என்று தெரியாத ஒன்றுக்கு யாரும் ஒப்புதல் கேட்டு மேலே எழுத முடியாது. நம் பொறியாளர் நிலையான சம்பளத்தை 7,20,000 ஆக்கக் கேட்கிறார். பத்து சதவீத வேரியபிளோடு சி.டி.சி. 7,92,000 ஆகும், சந்தை நடுமதிப்புக்குச் சற்றுக் கீழே. உயர்வு 20 சதவீதம். ஹெச்.ஆரின் அளவுகோலில் 0.96. வரம்புக்குள், நடுப்புள்ளியைத் தாண்டாமல் இருப்பதால் விதிவிலக்கு எதுவும் கேட்காமலே அனுமதிக்கலாம். அவர் நிலையான சம்பளமாக 9,50,000 கேட்டிருந்தால் அது 9,00,000 என்ற மேல் எல்லையைத் தாண்டும். அது சம்பளத் திருத்தத்தில் அடங்காது, பதவி உயர்வுக் கோரிக்கையாகிவிடும்.

கையில் எவ்வளவு வரும் என்பதையும் எழுதுவதற்கு முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பல நிறுவனங்களில் நிலையான சம்பளத்துக்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் அடங்கியிருக்கின்றன. பேசிக் பாதி என்று வைத்தால், இப்போது ஆண்டுக்கு 3,00,000. அதில் 12 சதவீதம் பி.எஃப். 36,000, 4.81 சதவீதம் கிராஜுவிட்டி 14,430. ஊழியரின் பங்கான பி.எஃப். இன்னொரு 36,000. இவை போக மாதம் கைக்கு வருவது சுமார் 42,800. நிலையான சம்பளம் 7,20,000 ஆனால் அதே கணக்கில் சுமார் 51,350. சி.டி.சி.யில் மாதம் 10,000 நிலையான உயர்வு, கையில் ஏறத்தாழ 8,550 ஆகத்தான் வருகிறது. மாதம் 10,000 கையில் வேண்டும் என்று எண்ணி 10,000 உயர்வு கேட்பவர் பின்னால் வருந்துவார்.

இவ்வளவு வேலைக்குப் பிறகு கடிதம் சிறியதாகவே இருக்கும்:

பொருள்: சம்பளத் திருத்தக் கோரிக்கை

மதிப்பிற்குரிய ஹெச்.ஆர். மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தர உறுதிப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். என் தற்போதைய சி.டி.சி. ரூ.6,60,000, இதில் நிலையானது ரூ.6,00,000. வரும் ஏப்ரல் 1 முதல் நிலையான சம்பளத்தை ரூ.7,20,000 ஆகத் திருத்தியமைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வேரியபிள் இப்போதுள்ள 10 சதவீதமாகவே தொடரலாம்.

துளையிடும் வரிசையில் ரிஜெக்ஷனுக்கான காரணத்தைக் கண்டறிந்து, டூல் ரூமுடன் சேர்ந்து ஃபிக்ஸ்சரை மாற்றியதில், ஏப்ரல்–ஜூனில் 3.8 சதவீதமாக இருந்த ரிஜெக்ஷன் ஜூலை–டிசம்பரில் 1.6 சதவீதமாகக் குறைந்துள்ளது. காஸ்டிங் பிரிவின் மதிப்புப்படி, ஃபிக்ஸ்சர் செலவு போக ஆறு மாத நிகரச் சேமிப்பு ரூ.8,21,600. கணக்கை இணைத்துள்ளேன்.

கடந்த ஆகஸ்ட் முதல் 11 சப்ளையர்களின் தர ஆய்வையும், என் முந்தைய பணிகளோடு, நானே கவனித்து வருகிறேன்.

இந்த வட்டாரத்தில் இதே தொழிலில், இதே அளவு அனுபவத்துக்குத் தற்போது வழங்கப்படும் சி.டி.சி. ரூ.7,50,000 முதல் ரூ.9,00,000 வரை இருப்பதாகத் தெரிகிறது. நம் நிறுவனத்தின் சம்பள வரம்போடும், இதே நிலைக்கு அண்மையில் வழங்கப்பட்ட நியமனங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

இது குறித்து என் மேலாளரிடம் பேசியுள்ளேன். நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கடைசிக்கு முந்தைய பத்தியில் உள்ள ‘அண்மையில் வழங்கப்பட்ட நியமனங்கள்’ என்ற சொற்களுக்குக் கனம் அதிகம். புதிதாகச் சேர்பவருக்குச் சந்தை விலை கொடுக்கும் நிறுவனம், பழைய ஊழியரை ஆண்டு இன்கிரிமெண்டிலேயே ஓட்டுவதால், நேற்று வந்தவர் நான்கு ஆண்டு இருந்தவரைவிட அதிகம் வாங்குவது சாதாரணமாக நடக்கிறது. அந்த எண்கள் ஹெச்.ஆரிடமே இருக்கின்றன. சக ஊழியரின் பெயரையும் சம்பளத்தையும் கடிதத்தில் எழுதினால் பேச்சு அது எப்படிக் கசிந்தது என்ற பக்கம் திரும்பும், அந்தச் சக ஊழியருக்கும் இடைஞ்சல். பெயரில்லாமல் ஒப்பிடச் சொன்னால் அதே வேலை நடந்துவிடும்.

வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருத்துவச் செலவு ஆகியவை உண்மையான பாரங்கள். படிக்கும் அதிகாரிக்கும் அவை உண்டு, அவர் மனமும் இளகும். ஆனால் மேலே அனுப்பும் குறிப்பில் அவர் அதைக் காரணமாக எழுத முடியாது. வேறு நிறுவனத்திலிருந்து வந்த அழைப்பைக் காட்டுவதும் ஆபத்து. அதைக் கடிதத்தில் எழுதிவிட்டால், கோரிக்கை மறுக்கப்படும் நாளில் விலக வேண்டியிருக்கும். விலகத் தயாராக இல்லாதவர் அதைச் சொல்லாமல் விடுவதே மேல்.

பதில் பல விதமாக வரும். ‘அப்ரைசலில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது கோரிக்கை முதல் பைக்குள் தள்ளப்பட்டதன் அடையாளம். அப்போது, தான் கேட்பது சந்தைத் திருத்தம் என்பதையும் பொறுப்பு விரிந்ததையும் மீண்டும் பணிவாகச் சுட்டிக்காட்ட வேண்டும். ‘கணக்கை அனுப்புங்கள்’, ‘எந்தத் தேதியிலிருந்து சப்ளையர் வேலை?’ என்று கேள்வி வந்தால் நல்ல குறி. யாரோ மேலே அனுப்பும் குறிப்பைத் தயாரிக்கிறார்கள். ‘நிதி இல்லை’ என்றால் எந்த மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்று கேட்டு, அந்தப் பதிலை மின்னஞ்சலில் ஒரு வரியாகப் பதிந்துகொள்ள வேண்டும். இரண்டு வாரம் வரை பதிலே இல்லாவிட்டால் ஒருமுறை நினைவூட்டுவதில் தவறில்லை.

ஒப்புதல் வந்தால் வாய்மொழியோடு விடாமல், திருத்திய சம்பள ஆணையை எழுத்தில் பெற வேண்டும். அதில் மொத்த எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கு முன் பகுதிகளைப் பார்க்க வேண்டும். கேட்ட 7,92,000 அப்படியே தரப்பட்டிருந்தும், நிலையானது 6,40,000, வேரியபிள் 1,52,000 என்று பிரித்திருந்தால், மாதச் சம்பளத்தில் கூடியது கொஞ்சம்தான். மீதி ஆண்டு முடிவில் நிறுவனத்தின் இலக்கு எட்டப்படுவதைப் பொறுத்தது. நடைமுறைக்கு வரும் தேதி ஏப்ரல் 1 என்று இருந்து, ஆணை ஜூனில் வந்தால், இடைப்பட்ட மாதங்களின் நிலுவை தரப்படுமா என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். நோட்டீஸ் காலம் நீட்டப்பட்டிருக்கிறதா, குறிப்பிட்ட காலம் விலகக் கூடாது என்ற புதிய நிபந்தனை சேர்ந்திருக்கிறதா என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துவிட வேண்டும். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் பேசிக், பி.எஃப். இரண்டும் புதிய ஆணைப்படி மாறியிருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதோடு இந்த வேலை முடிகிறது.